எக்சிட் இன்டர்வியூ: சில ஆண்டுகள் நடத்திப் பார்த்தவரின் அனுபவம்

தோழி ஒருத்தி வேறொரு நிறுவனத்தில் புதிதாக ஹெச்.ஆர். பொறுப்புக்கு வந்திருக்கிறாள். "எக்சிட் இன்டர்வியூன்னு ஒண்ணு நடத்துறியே, அதனால ஏதாவது பிரயோஜனம் இருக்கா, இல்ல ஃபைலுக்குத்தானா? உங்க படிவத்தை அனுப்பேன்" என்றாள். படிவத்தை அனுப்ப மனம் வரவில்லை. ஏன் என்று எழுத ஆரம்பித்து இவ்வளவு நீண்டுவிட்டது.

எக்சிட் இன்டர்வியூ என்றால் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையை விட்டுப் போகிறவரைக் கடைசி வாரத்தில் உட்காரவைத்துக் கேட்கும் சம்பிரதாயம், எல்லாரும் ஒரு முறையாவது கடந்திருப்பீர்கள். நான் மேசையின் இந்தப் பக்கம் இருக்கிறேன். எங்கள் படிவத்தில் என்னை இத்தனை நாளும் எரிச்சல்படுத்துவது ஒரே ஒரு பெட்டி: 'வெளியேறுவதற்கான முதன்மைக் காரணம்'. சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முதல் வரியே 'சிறந்த வாய்ப்பு / கூடுதல் சம்பளம்'.

போகிறவர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். கடைசிக் கணக்கு இன்னும் தீரவில்லை. அனுபவச் சான்றிதழ் கைக்கு வரவில்லை. அடுத்த நிறுவனம் விசாரித்தால் இங்கிருந்து நல்ல வார்த்தை போக வேண்டும். அந்த நிலையில் 'மேலாளருடன் பிணக்கு' என்பதை யார் சொடுக்குவார்? சம்பளம் என்று சொன்னால் யார் மனமும் புண்படாது, மேற்கொண்டு கேள்வியும் வராது. பொய் என்றும் சொல்ல முடியாது, புதிய இடத்தில் சம்பளம் கூடத்தானே செய்கிறது. ஆனால் அது அவர் எங்கே போகிறார் என்பதைத்தான் சொல்கிறது. இங்கிருந்து ஏன் கிளம்பினார் என்பது வேறு கேள்வி. காலாண்டுக்கு ஒரு முறை அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வட்ட வரைபடம் தயாராகி மேலிடத்துக்குப் போகும். பாதிக்கு மேல் ஒரே நிறம். "சந்தை நிலவரம் அப்படி, நாம் என்ன செய்ய முடியும்" என்று பேசிக் கலைந்துவிடுவார்கள்.

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமில்லை. இதே நேர்காணலில்தான் நான் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நானாகச் சேர்த்துக்கொண்டேன்: "வேறு வேலை பார்க்கலாம் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது? அந்தச் சமயத்தில் என்ன நடந்தது?"

இது நான் கண்டுபிடித்ததல்ல. தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் முன்வைத்த ஒரு கருத்துதான் இதன் பின்னால் இருப்பது. அதிருப்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் எல்லாரும் வேலையை விடுகிறார்கள் என்பதில்லை. பலருக்கு ஏதோ ஒரு நிகழ்வு உலுக்கிவிடுகிறது, அங்கிருந்துதான் யோசனை தொடங்குகிறது என்றார்கள். 'ஏன்' என்று கேட்டால் மனிதர்கள் நியாயம் கற்பிப்பார்கள். 'எப்போது, என்ன நடந்தது' என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். நிகழ்வைச் சொல்வதில் யாரையும் குற்றம் சாட்டும் சங்கடமும் குறைவு.

அதன்பிறகு இன்னும் இரண்டு கேள்விகள். "அதற்குப் பிறகும் சில மாதம் இருந்தீர்களே, எது பிடித்து வைத்திருந்தது?" அப்புறம், "அதை யாரிடமாவது சொன்னீர்களா, சொன்ன பிறகு என்ன ஆனது?" அவ்வளவுதான். மற்ற கேள்விகளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். நேரடி மேலாளர் அந்த அறையில் இருக்கக் கூடாது. கணக்கும் சான்றிதழும் முடிந்த பிறகுதான் உட்காருவேன். பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்வேன். 'தலைமைத்துவப் பிரச்சினை' என்று சுருக்கி எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்துப் படிக்கையில் அதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது.

இதை ஓர் எக்ஸல் தாளில் போட்டு வைப்பேன்: சேர்ந்த மாதம், முதலில் தோன்றிய மாதம், ராஜினாமா கொடுத்த மாதம், நடந்த நிகழ்வு, யாரிடம் சொன்னார், என்ன ஆனது. ஆறே பத்திகள். காரணங்களுக்கு முன்கூட்டியே தலைப்பு வைப்பதில்லை. பத்துப் பதினைந்து பதில்கள் சேர்ந்த பிறகு படித்துப் பார்த்துத்தான் தலைப்பு. சக ஊழியர் ஒருவர் என் தலைப்பைப் பார்க்காமல் தனியாகப் பிரிப்பார். இருவரும் வேறுபடும் இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

எங்கள் துறை ஒன்றில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அறுபது பேர் இருந்த துறை. ஒரே ஆண்டில் பதினொரு பேர் போனார்கள். எட்டுப் பேர் அந்தப் பெட்டியில் சம்பளத்தைத்தான் சொடுக்கியிருந்தார்கள். ராஜினாமாக்கள் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடந்தன, மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு, சில மாதம் ஒன்றும் இல்லை. யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. ஆனால் அதே பதினொரு பேரை 'முதலில் தோன்றிய மாதம்' என்ற பத்தியை வைத்து அடுக்கினால், ஏழு பேர் ஒரே இரண்டு மாதத்துக்குள் வந்து விழுந்தார்கள். அப்ரைசல் முடிவு வந்த மாதமும் அடுத்த மாதமும். சிலருக்கு வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆனது, சிலருக்குப் பத்து மாதம். அந்த இடைவெளிதான் அவ்வளவு நாளும் எல்லாவற்றையும் மறைத்திருக்கிறது. அந்த அடுக்கைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நடுவே, போனவர்களைப் பற்றிய தாள் அது என்பதும் நினைவுக்கு வந்தது.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். போனவர்களை மட்டும் கேட்டால், அதே குறை இருந்தும் போகாதவர்கள் எத்தனை பேர் என்பது தெரியாது. நிகழ்வுப் பத்தியில் ஆறு பேர் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: மேலாளர் ஒரு ரேட்டிங் சொன்னார், மேல்மட்டத்தில் எல்லாத் துறைகளையும் ஒப்பிட்டுச் சமன் செய்தபோது அது குறைந்துபோனது. ஏழாவது நபருக்குப் பக்கத்து இருக்கைக்காரருக்கு நடந்ததே போதுமானதாக இருந்தது. அப்ரைசல் ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். அப்படி ரேட்டிங் குறைக்கப்பட்டவர்கள் மொத்தம் பதினான்கு பேர். அவர்களில் ஆறு பேர் போய்விட்டார்கள். மீதி நாற்பத்தாறு பேரில் போனது ஐந்து பேர். சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரிந்துவிட்டது.

குறைக்கப்பட்டும் இருக்கும் எட்டுப் பேரிடம் போய் உட்கார்ந்தேன். ராஜினாமா பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "ரேட்டிங் மாறியது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று மட்டும் கேட்டேன். ஆறு பேருக்கு அவர்களுடைய மேலாளரே கடிதம் வருவதற்கு முன் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "நான் வாதாடிப் பார்த்தேன், இந்தக் காரணத்தால் குறைந்தது" என்று. போன ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கடிதத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அதில் மூன்று பேர் மேலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். கிடைத்த பதில், "அது என் கையில் இல்லை."

ஆக, ரேட்டிங் குறைந்தது மட்டும் அல்ல விஷயம். தெரிந்த விதம். இதற்குச் சம்பளப் பட்ஜெட்டைத் தொட வேண்டியதே இல்லை. சமன் செய்யும் கூட்டம் முடிவதற்கு முன் எந்த மேலாளரும் எண்ணைச் சொல்லக் கூடாது. எண் மாறினால் கடிதம் போவதற்கு முன் மேலாளர் நேரில் காரணம் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும்தான் பரிந்துரைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அந்தத் துறையில் போனவர்கள் குறைவு. அதற்கு இதுதான் காரணம் என்று மார்தட்ட மாட்டேன், அந்த ஆண்டு வெளியே ஆள் எடுப்பதும் மந்தமாகத்தான் இருந்தது. நான் பார்த்தது ஒன்றைத்தான்: 'முதலில் தோன்றிய மாதம்' பத்தியில் அப்ரைசல் மாதத்தின் அந்தக் கொத்து இல்லை.

குறைகளும் உண்டு. நினைவு நம்பகமானதல்ல. போகிற முடிவு எடுத்தபின் பழைய சம்பவம் ஒன்று பெரிதாகத் தெரியலாம். அதனால்தான் சொல்லும் மாதத்தை அப்ரைசல் தேதி, விடுப்புப் பதிவு, குழு மாற்றம் ஆகியவற்றோடு வைத்துப் பார்க்கிறேன். சிலருக்கு உலுக்கிய நிகழ்வு என்று எதுவுமே இருக்காது. வாழ்க்கைத்துணைக்கு இடமாற்றம், மேற்படிப்பு, இப்படிப் போகிறவர்களிடம் தோண்டிக்கொண்டிருந்தால் இல்லாத குறையை நாமே விதைத்துவிடுவோம்.

பெரிய தலைவலி ரகசியம். நாலு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் போனால், பெயரை எடுத்துவிட்டாலும் யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான எந்தத் தொகுப்பையும் நான் அறிக்கையில் காட்டுவதில்லை. அதனால் சிறிய குழுக்களின் பதில்கள் ஒன்றரை ஆண்டு வரை தாளிலேயே கிடக்கும், அதற்குள் மேலாளரே மாறியிருப்பார். அதோடு, 'நீங்கள் சொல்வது வெளியே போகாது' என்று மொட்டையாக வாக்குக் கொடுக்கவும் முடியாது. துன்புறுத்தல் பற்றிச் சொன்னால் நடவடிக்கை எடுக்கும் கடமை வந்துவிடுகிறது. அதை உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவேன். சொன்னதும் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள், ஒன்றும் செய்வதற்கில்லை.

தோழிக்கு ஒரு வார்த்தை: உங்கள் இடத்தில் ஆண்டுக்கு நாலைந்து பேர்தான் போகிறார்கள் என்றால் இதில் வடிவம் எதையும் தேடாதே, கிடைக்காது. அந்த நேரத்தை இருப்பவர்களோடு செலவிடு. "கடைசியாக எப்போது வேறு வேலை பார்க்கலாம் என்று தோன்றியது?" என்பதை இருக்கிறவரிடமும் கேட்கலாம், அவர் இன்னும் கையில் இருக்கும்போதே.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். போன வாரம் காலாண்டு அறிக்கை போனது. என் ஆறு பத்தித் தாள் பின்னிணைப்பில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் அதே வட்ட வரைபடம், அதே நிறம். கூட்டத்தில் பேசியதும் அதைப் பற்றித்தான். அந்தப் பெட்டியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டால் நாலு மதிப்பெண் தரத் தயார். எடுக்கச் சொல்லி நான் கொடுத்த கோரிக்கைக்கு வந்த பதில்: "அதை எடுத்தால் வரைபடம் வராதே."