மூணு வருஷமா ஈவிஏ ஷீட்ட நஷ்டத்துக்கு வித்திருக்கோம்: இம்போர்ட் பர்ச்சேஸ் என்ட்ரி அனுபவம்

வாணியம்பாடியில இருந்து ஒரு பாய் நேத்து போன் பண்ணார். அவரும் இப்ப சைனால இருந்து நேரா சரக்கு எடுக்க ஆரம்பிச்சிருக்காரு, "நீங்க வச்சிருக்கிற அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் இம்போர்ட்டுக்கு சரியா வருதா அண்ணே, வாங்கலாமா"ன்னு கேட்டாரு. போன்ல பத்து நிமிஷம் சொன்னேன், ஆனா பாதிதான் சொன்ன மாதிரி இருந்துச்சு, அதான் இங்க முழுசா எழுதறேன். சாஃப்ட்வேர் பேரு வேணாம், வேற வேற பேருல இருக்கற நெறைய சாஃப்ட்வேர்ல இதே கதைதான்.

நமக்கு ஆம்பூர்ல ஷூ காம்பொனன்ட் கடை. ஷூ அடிப்பாகத்துக்கு போடற ஸ்பாஞ்ச் மாதிரி ஈவிஏ ஷீட், பக்கிள், ஐலெட், லைனிங் இதெல்லாம் இம்போர்ட் பண்ணி ஃபேக்டரிங்களுக்கும் ஜாப் வொர்க் பண்றவங்களுக்கும் குடுக்கறோம். முழு கன்டெய்னர் எடுக்கற அளவுக்கு நாம பெரிய ஆளு இல்ல, எல்சிஎல்லதான் வரும், அதாவது வேற பல பேரு சரக்கோட நம்ம சரக்கும் ஒரே கன்டெய்னர்ல சென்னைக்கு வந்து இறங்கும், அங்க இருந்து லாரில ஆம்பூருக்கு. நாலு வருஷமா இந்த சாஃப்ட்வேர்லதான் பில்லு, ஸ்டாக்கு, ஜிஎஸ்டி எல்லாம். பில் போடறது, ரிட்டர்ன் எடுக்கறது, பாக்கி வசூல் லிஸ்ட்டு, இதுல ஒரு குறை சொல்ல முடியாது, கரண்ட்டு போய் வந்தாக்கூட டேட்டா அப்படியே இருக்கும், என் பொண்ணு ரெண்டே நாள்ல கத்துக்கினா. வாங்கினதுக்கு வருத்தம் இல்ல.

ஆனா ஒரே ஒரு விஷயம் இருக்கு. அதுல எனக்கு இன்னும் கோவம் தீரல.

பர்ச்சேஸ் போடும்போது கப்பல் வாடகை, லாரி வாடகை, டியூட்டி இதெல்லாம் ஐட்டம் விலையில ஏத்தணும். ஏத்தினாதான் ஒரு ஷீட்டு நம்ம குடோனுக்கு வந்து சேந்தப்ப என்ன அடக்கம்னு தெரியும். சாஃப்ட்வேர்ல அதுக்கு வழி இருக்கு, கூடுதல் செலவ கீழ போட்டா அதுவே ஐட்டங்களுக்கு பிரிச்சுடும். பிரிக்கறதுக்கு ரெண்டு முறைதான் குடுத்திருக்காங்க, ஒண்ணு எண்ணிக்கைப்படி, இன்னொண்ணு மதிப்புப்படி. எடைப்படி கெடையாது, அடைக்கிற எடத்தைப்படி கெடையாது. மொத மூணு வருஷம் மதிப்புப்படின்னு வச்சுட்டு நிம்மதியா இருந்தேன்.

என்ன ஆச்சுன்னு ஒரு கன்சைன்மென்ட்ட வச்சு சொல்றேன், கணக்கு புரியறதுக்காக ரவுண்ட் பண்ணி ரெண்டே ஐட்டம் எடுத்துக்கறேன். ஈவிஏ ஷீட் 500, ஒண்ணு 240 ரூபா, ஆக 1,20,000. மெட்டல் பக்கிள் 60,000 பீஸ், ஒண்ணு 4 ரூபா, ஆக 2,40,000. கப்பல் வாடகை 30,000, சென்னையில கன்டெய்னர பிரிச்சு சரக்கு எடுக்கற சிஎஃப்எஸ் குடோன் செலவும் லாரியும் சேத்து 15,000, மொத்தம் 45,000. மதிப்புப்படி பிரிச்சா ஷீட்டுக்கு மூணுல ஒரு பங்கு 15,000, பக்கிளுக்கு 30,000. அப்ப ஒரு ஷீட்டுக்கு 30 ரூபா வாடகை ஏறுது, ஒரு பக்கிளுக்கு 50 பைசா.

கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கும். ஆனா எல்சிஎல்ல வாடகை எப்படி போடறான்? ஒரு சிபிஎம், அதாவது ஒரு கன மீட்டர் எடமா, இல்ல ஒரு டன் எடையா, எது அதிகமோ அதுக்குதான் காசு. நம்ம சரக்கு மொத்தம் 5 சிபிஎம், எடை ஒரு டன்னு சொச்சம், அதனால எடத்துக்குதான் வாடகை. அந்த 5 சிபிஎம்ல ஈவிஏ மட்டும் நாலரை அடைச்சுக்கினு வருது, அது பஞ்சு மாதிரி, எடை இருக்காது எடம்தான். பக்கிள் சின்ன சின்ன அட்டைப்பெட்டியில அரை சிபிஎம்ல அடங்கிடும். எடத்தைப்படி பிரிச்சா 45,000ல 40,500 ஷீட்டோடது. ஒரு ஷீட்டுக்கு 81 ரூபா. பக்கிளுக்கு ஏழரை பைசாதான்.

எண்ணிக்கைப்படி வச்சா இன்னும் மோசம், ஒரு ஷீட்டும் ஒரு பக்கிளும் அதுக்கு ஒண்ணுதான், ரெண்டுக்கும் ஆளுக்கு 74 பைசா போட்டுட்டு போயிடும். எல்லா ஐட்டமும் ஒரே மாதிரி ஒரே சைஸா இருந்தா ஒழிய அந்த ஆப்ஷனத் தொடவே தொடாதீங்க.

அடுத்தது டியூட்டி. இதுல பிரிக்க வேண்டிய வேலையே இல்ல, கஸ்டம்ஸ்ல போடற பில் ஆஃப் என்ட்ரில ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எவ்ளோ டியூட்டின்னு தனித்தனியா அச்சடிச்சே வருது. ஆனா நான் என்ன பண்ணேன், மொத்தத் தொகைய ஒரே லெட்ஜர்ல போட்டு அதையும் மதிப்புப்படி பிரிய விட்டேன். சரக்கு வகைக்கு கஸ்டம்ஸ்ல இருக்கற எச்எஸ் கோடு வேற வேறயா இருந்தா ரேட்டும் வேறயா இருக்கலாம். உதாரணத்துக்கு ஷீட்டுக்கு பேசிக் டியூட்டி 10%, பக்கிளுக்கு 20%னு வச்சுக்கங்க, உங்க கோடுக்கு உண்மையான ரேட்ட நீங்களே பாத்துக்கணும். பேசிக் டியூட்டி மேல 10% சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ் வரும், அப்ப 11%, 22%. கப்பல் வாடகை 30,000த்தையும் மதிப்புப்படி பிரிச்சு சேத்த தொகை மேல அது விழும், ஷீட்டு 1,30,000க்கு 14,300, பக்கிள் 2,60,000க்கு 57,200. மொத்தம் 71,500. இத மதிப்புப்படி பிரிச்சா ஷீட்டு தலையில 23,833 விழுது, அதோடது இல்லாத டியூட்டிய அது சுமக்குது.

இப்ப கூட்டிப் பாருங்க. சாஃப்ட்வேர் சொன்ன அடக்கம் ஷீட்டு 317.67, பக்கிள் 5.29. உண்மையான அடக்கம் ஷீட்டு 349.60, பக்கிள் 5.03. நாங்க ஷீட்ட 340க்கு குடுத்துக்கினு ஒண்ணுக்கு 22 ரூபா நிக்குதுன்னு சந்தோஷமா இருந்தோம், நிஜத்துல ஒவ்வொரு ஷீட்டுக்கும் 9 ரூபா 60 பைசா கையில இருந்து போயிருக்கு. இன்னொரு பக்கம் பக்கிள 5.80க்கு கீழ எறக்க முடியாதுன்னு பிடிவாதமா இருந்து ரெண்டு பார்ட்டிய விட்டுட்டேன், 5.50க்கு குடுத்திருந்தாலும் லாபம்தான். ஷீட்டு நல்லா ஓடுது, பக்கிள் ஓடலன்னு நெனச்சு ஷீட்ட இன்னும் அதிகமா ஆர்டர் போட்டேன். ஓடாம என்ன செய்யும், ஊர்லயே நாமதான் மலிவு.

இது ஏன் மூணு வருஷம் கண்ணுல படலன்னா, மொத்தம் எப்பவும் சரியா இருக்கும். எப்படி பிரிச்சாலும் கூட்டுத்தொகை 4,76,500தான். சரக்கு மொத்தம் வித்துப் போச்சுன்னா வருஷக் கடைசி லாபமும் அதேதான் வரும். ஆடிட்டர் பாத்தாலும் டேலி ஆகும். ஐட்டம் ஐட்டமா பாத்தாத்தான் தப்பு தெரியும், அதுவும் பேக்கிங் லிஸ்ட்ட பக்கத்துல வச்சு பாத்தா. எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, ஒரு தடவ பக்கிள் மட்டும் தனியா வந்துச்சு, சப்ளையர் அதே விலைதான், டியூட்டி ரேட்டும் அதேதான், ஆனா அடக்கம் 25 பைசா கம்மியா காட்டுச்சு. என்னடா இதுன்னு உக்காந்து நோண்டினப்பதான் எல்லாம் வெளிய வந்துச்சு.

இதுல ஐஜிஎஸ்டி பத்தி ஒரு வரி. போர்ட்ல கட்டற ஐஜிஎஸ்டிய ஐட்டம் விலையில ஏத்தாதீங்க, அது இன்புட் கிரெடிட்டா திரும்ப வருது. திரும்ப வராத பேசிக் டியூட்டியும் சர்சார்ஜும்தான் அடக்கத்துல ஏறணும். ஜிஎஸ்டில காம்போசிஷன் ஸ்கீம்ல இருக்கறவங்களுக்கு கிரெடிட் கெடையாது, அவங்களுக்கு மட்டும் அதுவும் அடக்கம்தான். அதே மாதிரி டாக்குமென்ட் தப்பால சரக்கு போர்ட்ல கெடந்து டெமரேஜ் கட்டினா அது ஐட்டத்தோட விலை இல்ல, செலவுக் கணக்குல போட்டுட்டு போங்க.

இப்ப நான் எப்படி பண்றேன்னா, ஒரே இன்வாய்ஸ ஐட்டம் ஐட்டமா தனி பர்ச்சேஸ் வவுச்சரா உடைச்சுடறேன். இன்வாய்ஸ் நம்பருக்குப் பின்னாடி ஏ, பின்னு போட்டுக்கறேன். ஷீட்டு வவுச்சர்ல 40,500 வாடகை, பில் ஆஃப் என்ட்ரில இருக்கற அதோட சொந்த டியூட்டி 14,300. பக்கிள் வவுச்சர்ல 4,500, 57,200. ஒரு வவுச்சர்ல ஒரே ஐட்டம்தான் இருக்குன்னா சாஃப்ட்வேர் எப்படி பிரிச்சாலும் கவலையில்ல, எல்லாம் அது மேலதான் விழும். சிபிஎம் கணக்க பேக்கிங் லிஸ்ட்ல இருக்கற கார்ட்டன் அளவ வச்சு ஒரு பேப்பர்ல போட்டுக்கறேன். இது வேலை செய்யுது, ஒரு வருஷமா சரியா இருக்கு. ஆனா காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேர் செய்ய வேண்டிய வேலைய நான் பேப்பர்ல போட்டுக்கினு இருக்கேன், சப்ளையர் பாக்கி பாக்கும்போது ஒரு பில்லு ரெண்டா நிக்குது, அதான் கடுப்பு.

இன்னொண்ணு, போர்ட்ல சரக்க எடுத்துக் குடுக்கற ஏஜென்ட்டோட பில்லு. சரக்கு வந்து மூணு வாரம் கழிச்சு வரும். அதுக்குள்ள 500 ஷீட்டுல 300 போயிருக்கும். பழைய வவுச்சர தொறந்து தொகைய மாத்த சாஃப்ட்வேர் விடுது, ஆனா மாத்தினா போன மாச லாபமும் குளோசிங் ஸ்டாக்கும் சேந்து மாறுது, பேங்குக்கு சிசி லோன் லிமிட்டுக்காக குடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஒண்ணு, நம்ம புக்கு ஒண்ணுன்னு ஆயிடும். அதனால சரக்கு எறங்கின அன்னிக்கே போன தடவ பில்ல பாத்து ஒரு உத்தேசத் தொகைய ஏத்திடறேன், எதிர்ப்பக்கம் ஏஜென்ட் உத்தேசக் கணக்குன்னு ஒரு லெட்ஜர். நெஜ பில்லு வந்தா அதுல கழிச்சுப்பேன், 500, 1,000 வித்தியாசம்னா செலவுல விட்டுடுவேன். பெரிய வித்தியாசம்னா வித்துப்போன 300 ஷீட்டோட பங்கு செலவுக்கு, கையில இருக்கற 200 ஷீட்டோட பங்கு மட்டும் ஸ்டாக்குக்கு. அந்த லெட்ஜர் மாசக் கடைசில ஜீரோ இல்லன்னா எந்த பில்லு இன்னும் வரலன்னு உடனே தெரிஞ்சுடும், இது மட்டும் உண்மையிலேயே நல்லா இருக்கு.

பாய்க்கு என் பதில் வாங்காதீங்கதான். இவ்ளோ நல்லா சொல்லிட்டு ஏன்னு கேட்டாரு. அவருக்கு ஒரு கன்சைன்மென்ட்ல பதினஞ்சு இருபது ஐட்டம் வரும், இருபது வவுச்சரா உடைக்க அவருக்கு ஆளு இல்ல. எடை, கன அளவுப்படி பிரிக்கிற சாஃப்ட்வேரும் இருக்கு, அதுல ஐட்டம் மாஸ்டர்லயே ஒரு பீஸோட சிபிஎம் போட்டு வச்சுக்கலாம், பில் போடறதுக்கு கொஞ்சம் கஷ்டமா இருந்தாலும் அவரு அதத்தான் பாக்கணும். நான் போன வாரம்தான் இதையே இன்னொரு வருஷத்துக்கு ரினியூ பண்ணேன், என் பொண்ணுக்கு கை பழகிடுச்சு.

இன்னிக்கு காலைல அடுத்த கன்சைன்மென்ட்டோட பேக்கிங் லிஸ்ட் வந்துச்சு, கார்ட்டன் எண்ணிக்கை போட்டிருக்கான், அளவு போடல. அளவு போட்டு திருப்பி அனுப்புன்னு மெசேஜ் போட்டிருக்கேன், வந்தப்பறம்தான் பேலன்ஸ் பணம்.