நாலு வருடமாக ஒரே ஷீட்: கட்டுரைகளை ஆண்டு, ஆசிரியர் என்று அடுக்கிப் பார்த்த அனுபவம்

திருப்பூர் சாயக் கழிவும் நொய்யல் கரை நிலத்தடி நீரும்தான் என் ஆய்வு. ஈரோட்டில் இருந்துகொண்டு செய்கிறேன். படித்த கட்டுரைகளை எல்லாம் எக்செல்லில் ஒரே ஷீட்டில் போட்டு வருகிறேன். இன்று 186 வரி இருக்கிறது. ஒரு கட்டுரைக்கு ஒரு வரி. ஆண்டு, முதல் ஆசிரியர், எந்த ஊர் நீர், என்ன அளந்தார்கள், என்ன கண்டார்கள் என்று கட்டங்கள். இதுதான் என் இலக்கிய மேட்ரிக்ஸ்.

அடுக்குவது எளிது. Data பட்டியில் Sort, முதல் நிலையில் ஆண்டு, Add Level அழுத்தி இரண்டாவதாக ஆசிரியர். ஆண்டுதான் முதலில், ஒரே ஆண்டில் பல கட்டுரை இருந்தால் மட்டும் பெயர் வேலை செய்யும். ஒரு நெடுவரிசைக் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, எக்செல் எச்சரிப்பதையும் மீறி அடுக்காதீர்கள். அந்தக் கட்டம் நகரும், மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கும், ஒருவர் முடிவு இன்னொருவர் பெயரில் போய் உட்காரும். முழு ஷீட்டையும் அடுக்கிய பிறகு பழைய வரிசைக்குத் திரும்ப, முதல் கட்டத்தில் மாறாத வரிசை எண் வைத்திருக்கிறேன்.

என்னை உண்மையில் சிக்க வைத்தது ஆண்டுக் கட்டம். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரைவில், 2012, 2013 இரண்டு ஆண்டும் ஆய்வில் வெற்றிடம் என்று எழுதியிருந்தேன். கைடு படித்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, 2011 ஜனவரியில ஐகோர்ட் சாயப்பட்டறையை மூடச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் யாருமே நொய்யலை எட்டிப் பாக்கலையா?”

“ஷீட்ல அப்படித்தானுங்க ஐயா இருக்குது” என்றேன். போய்த் தேடினால் பதினொரு கட்டுரை இருந்தது. எல்லாம் ஒரே மேற்கோள் பட்டியலில் இருந்து ஒட்டியவை. அந்தப் பட்டியலில் சில ஆண்டுகள் அடைப்புக்குறிக்குள் இருந்தன. `(2012)` என்று ஒட்டினால் எக்செல் அதைக் கணக்கர்கள் நட்டம் எழுதும் முறையாக எடுத்துக்கொண்டு `-2012` ஆக்கிவிடும். அந்த வரிகள் ஷீட்டின் உச்சியில் போய் நின்றன. மைனஸை வெறும் கோடு என்று நினைத்துக் கடந்திருக்கிறேன். `2013a`, `2013b` என்று இருந்தவை எண்ணே அல்ல, எழுத்து. ஏறுவரிசையில் எண்கள் முடிந்த பிறகுதான் எழுத்து வரும், அதனால் அவை 2020க்கும் கீழே கிடந்தன. கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு: நீங்களாக மாற்றாதவரை எண் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும்.

மைனஸ்களைக் கையால் திருத்தினேன். அப்புறம் ஆண்டு இருந்த B கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் C கட்டத்தில் சுத்தமான ஆண்டை எடுத்தேன்:

```
=VALUE(LEFT(TRIM(B2),4))
```

ஒவ்வொரு முறை அடுக்கும் முன்னும் இரண்டு சோதனை:

```
=COUNT(C2:C187)
=MIN(C2:C187)
```

முதலாவது 186 காட்ட வேண்டும். குறைந்தால் எங்கோ எழுத்தோ பிழையோ இருக்கிறது. இரண்டாவது என் பட்டியலின் மிகப் பழைய ஆண்டைக் காட்ட வேண்டும்.

ஆசிரியர் கட்டத்தில் நம் ஊர்ப் பெயர்களால் வேறு ஒரு சங்கடம். ஒரே ஆள் ஒரு இதழில் `K. Ramasamy`, இன்னொன்றில் `Ramasamy K` என்று வருவார். ஒன்று K-யில் நிற்கும், மற்றது R-இல். நான் இனிஷியலைப் பின்னால் தள்ளி ஒரே வடிவில் தனிக் கட்டத்தில் எழுதி, அதை வைத்தே அடுக்குகிறேன். இதற்குச் சூத்திரம் போடவில்லை. அப்பா பெயரைக் கடைசியில் போடுகிறவர்களும் இருப்பதால் கையால் பார்ப்பதுதான் நம்பகம்.

இவ்வளவும் சரியான பிறகுதான் பெரிய விஷயம் கண்ணில் பட்டது. அந்தப் பதினொரு கட்டுரையைத் திறந்து, நீர் மாதிரி எடுத்த தேதியைப் பார்த்தேன். ஏழில் மாதிரி 2011க்கு முன்னால் எடுத்தது. வெளியான ஆண்டு 2013, ஆனால் அவர்கள் அளந்தது பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்து நீர். ஆண்டு வாரியாக அடுக்கிப் படித்தால், மூடிய பிறகும் உப்பு குறையவில்லை என்று தோன்றும். அது தவறான முடிவு. எனவே மாதிரி எடுத்த ஆண்டுக்குத் தனிக் கட்டம் சேர்த்தேன். மேற்கோள் சரிபார்க்க வெளியான ஆண்டு, ஆசிரியர். அத்தியாயம் எழுத மாதிரி ஆண்டு, ஆசிரியர் என்று இப்போது இரண்டு விதமாக அடுக்குகிறேன்.

மாதிரி ஆண்டு எங்குமே சொல்லாத கட்டுரைகளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன், ஊகித்து நிரப்புவதில்லை. காலிக் கட்டம் எப்போதும் கடைசியில் போய்ச் சேரும் என்பதால், ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டியவை ஷீட்டின் அடியில் ஒன்றாக நிற்கின்றன.