காம்பவுண்டு சுவர்ச் செலவு: வீட்டுக்குச் சமமா, அடிக்கணக்கா?

பொதுவாகக் காம்பவுண்டு சுவர் கட்டி, செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் எழுதப்போகிறீர்கள். மூன்று வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசையில் 40 அடி அகல மனை ஒன்று, 20 அடி அகல மனை ஒன்று. இரண்டுக்கும் நடுவே 40 அடிச் சுவர். பின்னால் 60 அடி அகலத்தில் மூன்றாவது மனை; அதன் எல்லையில் 60 அடிச் சுவர். மொத்தம் 100 அடி. மேஸ்திரி பூச்சு இல்லாமல் அடிக்கு ரூ.1,500 கேட்கிறார் என்றால் ரூ.1,50,000 ஆகும்.

மூன்றாய்ப் பிரித்தால் தலைக்கு ரூ.50,000. கேட்க எளிது, கடிதமும் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் 20 அடி மனைக்காரர் தொடும் சுவர் நடுவில் 40, பின்னால் 20, ஆக 60 அடிதான். அதில் பாதி 30 அடி, ரூ.45,000. பின்வீட்டுக்கும் அதே 30 அடி. 40 அடி மனைக்காரருக்கு 40 அடி, ரூ.60,000. ஒவ்வொரு அடியையும் அதன் இருபக்கத்தாரும் பாதி பாதி ஏற்பதுதான் அடிக்கணக்கு.

உண்மையான சிக்கல் மட்டத்தில் வரும். பின்வீட்டார் மண் அடித்து 2 அடி உயர்த்தியிருந்தால், அந்த 60 அடிக்கும் மண்ணைத் தாங்கும் கருங்கல் கட்டு வேண்டும். வெறும் செங்கல் சுவர் பெருமழையில் தாழ்ந்த பக்கம் சாயக்கூடும். சாய்வதற்கு முன் நீளவாட்டில் கிடைவிரிசல் தெரியலாம். அடிக்கு ரூ.500 கூடுதல் என்றால் ரூ.30,000. சமப்பங்கில் இது மூவர் தலையிலும் ரூ.10,000 ஆக விழும். மண் அடித்தவரே ஏற்பதுதான் நியாயம். அப்போது கணக்கு 40 அடி மனைக்கு 60,000, 20 அடி மனைக்கு 45,000, பின்வீட்டுக்கு 75,000. வேடிக்கை என்னவென்றால், சமமாகப் பிரித்தாலும் 40 அடிக்காரருக்கு அதே ரூ.60,000தான்!

ஆளுக்கொரு சுவர் தன் மனைக்குள் எழுப்புவது மூன்றாவது வழி. யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் செலவு இரட்டிப்பு, இரு சுவருக்கும் இடையே இடுக்கு, அதில் குப்பையும் அரசங்கன்றும். போதாததற்கு, 60 அடி நீளத்தில் 9 அங்குலச் சுவர் 45 சதுர அடியை விழுங்கும். எல்லைக்கோட்டின் நடுவில் பொதுவாகக் கட்டினால் இழப்பு 22½ சதுர அடிதான்.

எங்கள் ஓட்டு அடிக்கணக்குக்கே. கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகே வேலை தொடங்கும். சுவர் 9 அங்குலம், எல்லைக்கோட்டின் நடுவில். கடைக்கால் அகலம் 2 அடி என்பதால் இருபக்கமும் ஒரு அடி தோண்ட வேண்டும். பூச்சும் வண்ணமும் அவரவர் பக்கத்துக்கு அவரவர். மேட்டுப் பக்கத்து மழைநீர் வெளியேறச் சுவரில் வைக்கும் வடிகுழாய்களின் தண்ணீர் எங்கே போகும் என்பதை இணைத்துள்ள படத்தில் குறித்திருக்கிறோம்."

கடைக்கால் வரியை விட்டுவிட்டால், தோண்டுகிற அன்று செப்டிக் டேங்க் குழாயோ தென்னை வேரோ குறுக்கே வந்து வேலை நின்றுவிடும். வடிகுழாய் வைக்காவிட்டால் தேங்கிய நீரே சுவரைத் தள்ளும். வைத்தால் கீழ்வீட்டு முற்றத்தில் கொட்டும். அதனால் தாழ்ந்த பக்கம் ஒரு சிறு வாய்க்கால் போட்டு, அதன் செலவையும் பின்வீட்டுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.