ஏலச்சீட்டு: நோட்டில் கணக்கு சரியாக இருக்கும், பணம் மட்டும் குறையும்

தெரிந்தவர் நடத்தும் ஏலச்சீட்டில் இருக்கிறீர்களா? ஏலத்தைப் போனிலேயே முடித்துவிட்டு, "இந்த மாதம் இவ்வளவு கட்டுங்கள்" என்று ஒரு மெசேஜ் மட்டும் வருகிறதா? அப்படியானால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் சீட்டில் நடந்தது இது.

20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய். சீட்டுத் தொகை ஒரு லட்சம். நடத்திய அக்காவுக்கு அதில் சீட்டு கிடையாது, மாதம் 5,000 கமிஷன் மட்டும். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்குச் சீட்டு. தள்ளிய தொகையில் கமிஷன் போக மீதியை 20 பேருக்கும் லாபமாகப் பிரித்துத் தவணையில் கழித்துக்கொள்வார்கள்.

ஒன்பதாவது மாதம் நான் 22,000 தள்ளி எடுத்தேன். கையில் 78,000 வந்தது, அதில் குறை இல்லை. மறுநாள் எல்லோருக்கும் வந்த மெசேஜில் "தள்ளு 19,000, லாபம் 700, கட்ட வேண்டியது 4,300" என்று இருந்தது. தள்ளியவனே நான்தானே! 22,000-இல் கமிஷன் 5,000 போனால் 17,000. அதை 20-ஆல் வகுத்தால் ஆளுக்கு 850. தவணை 4,150 என்றுதான் வந்திருக்க வேண்டும்.

ஆளுக்கு 150 ரூபாய், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் வசூலைக் கூட்டிப் பாருங்கள். 20 பேரிடம் 4,300 வீதம் 86,000. எனக்குக் கொடுத்தது 78,000, கமிஷன் 5,000, ஆக 83,000. மீதி 3,000 எங்கே?

கேட்டேன். "தம்பி, ரெண்டு பேரு தவணை கட்டல. என் கைக்காசைப் போட்டுத்தான் உனக்குக் கொடுத்தேன்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டாதவர்கள் அவருக்குத் தரவேண்டிய பாக்கி அது, பின்னால் வசூலித்துக்கொள்வார். அந்தத் தொல்லைக்குத்தானே கமிஷன்? அதை எங்கள் லாபத்தில் கழிக்க முடியாது. அப்படியே கழித்தாலும், தள்ளு 19,000 என்று எதற்கு மாற்றி எழுத வேண்டும்?

அதற்கு முன் சீட்டு எடுத்த எட்டுப் பேரிடமும் "கையில் எவ்வளவு வந்தது?" என்று மட்டும் கேட்டேன். நான்கு பேர் சொன்னது மெசேஜோடு ஒத்துப்போனது. மற்ற நான்கில் இடித்தது. நான்காவது மாதம் எடுத்தவருக்கு 70,000 வந்திருக்கிறது, அதாவது தள்ளு 30,000. எங்களுக்குச் சொன்னதோ 26,000. என் மாதத்தையும் சேர்த்து ஐந்து மாதத்தில் 17,000 ரூபாய் ஒதுங்கியிருந்தது. ஆளுக்கு 850.

இதில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் தங்கள் நோட்டைத்தான் பார்க்கிறார்கள். என் நோட்டில் ஒன்பது மாதத்துக்குக் கட்டியது 36,700, லாபம் 8,300, மொத்தம் 45,000. ஒன்பது ஐயாயிரம், அச்சு அசலாகச் சரி. ஆனால் அது எப்போதும் சரியாகத்தான் வரும். லாபத்தைக் குறைத்துச் சொன்னால் தவணை அதே அளவு ஏறும், கூட்டுத்தொகை அசையாது. அந்தக் கூட்டலை நூறு முறை போட்டாலும் திருட்டு தெரியாது.

தெரிய வேண்டுமானால் மாதாமாதம் முழுச் சீட்டையும் பார்க்க வேண்டும். அந்த மாதத் தவணையை ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அது எடுத்தவருக்குக் கொடுத்ததும் கமிஷனும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வர வேண்டும். கூடுதலாக இருந்தால் நடுவில் தங்கிவிட்டது. எடுத்தவர் வாயாலேயே தொகையைக் கேளுங்கள், நடத்துபவரின் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டால் பயனில்லை. சில்லறையை முழுதாக்கினோம் என்பார்கள், அதையும் விடாதீர்கள். லாபம் 1,237.50 வந்தால் 1,230 என்று எழுதுவார்கள். 20 பேருக்கு அது மாதம் 150 ரூபாய்.

பதிவு செய்த சீட்டில் ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் சொல்கிறது. கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்ததை 2019-இல் 7 ஆக்கினார்கள். எங்களுடையது பதிவே செய்யாதது. குறிப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போய்க் கேட்ட பிறகு, அடுத்த மாதத் தவணையில் ஆளுக்கு 850 கழித்துக் கொடுத்தார். தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை, "கூட்டல்ல கோளாறு" என்றார். ஐந்து மாதமும் அந்தக் கோளாறு அவர் பக்கமே சாய்ந்தது எப்படி என்று யாரோ கேட்டார்கள், பதில் வரவில்லை. இப்போது ஏலம் முடிந்ததும் எடுத்தவரே குழுவில் தன் கைக்கு வந்த தொகையைப் போடுகிறார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தவணை கட்டுகிறோம்.