கேஸ் கட்டுக்கு இன்டெக்ஸ்: தாக்கல் வரிசையா, தேதி வரிசையா?

நாகர்கோவிலில் ஒரு சீனியரிடம் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். முதல் வாரமே ஒரு நில வழக்கின் கட்டைக் கையில் கொடுத்து, "இன்டெக்ஸ் போடு" என்றார். எப்படிப் போடுவது என்று அவர் சொல்லவில்லை. நான் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வழக்கின் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் முறை தாக்கல் வரிசை. பிராது, ஆவணப் பட்டியல், எதிர்வழக்குரை, எழுவினாக்கள், நிரூபண வாக்குமூலம், ஆணையர் அறிக்கை என்று கோர்ட்டுக்கு வந்த வரிசையிலேயே பக்க எண் போட்டு எழுதுவது. இதைப் போட அரை நாள் போதும். குறுக்கு விசாரணை நடக்கும்போது இதன் அருமை தெரியும். சாட்சி ஒன்று சொல்கிறார், பிராதில் வேறு இருக்கிறது. சீனியர் கையை நீட்டுகிறார். அந்த நேரத்தில் தேவைப்படுவது பக்க எண் மட்டும்தான்.

ஆனால் இந்த முறையில் ஒரு குழி உண்டு. ஆவணப் பட்டியலில் உள்ள வரிசை எண் வேறு, சான்றாவண எண் வேறு. எங்கள் கட்டில் பட்டியலின் 4-வது ஆவணம் பட்டாவின் ஜெராக்ஸ். வாதி சாட்சி கூண்டில் ஏறிய அன்று, எதிர்த்தரப்பு ஆட்சேபித்ததால் அது குறியிடப்படவில்லை. அதனால் பட்டியலில் 5-வதாக இருந்த வக்கீல் நோட்டீஸ்தான் வா.சா.ஆ.4 ஆனது. ஆவணம் சான்றாக ஏற்கப்பட்டதற்கான மேலெழுத்து கோர்ட்டில் இருக்கும் ஆவணத்தின் மேல்தான் இருக்கும், ஆபீஸ் நகலில் இருக்காது. நிரூபண வாக்குமூலத்தைப் பார்த்து எழுதினாலும் தவறுதான், ஏனென்றால் அது குறியிடும் முன்பே தயாரான தாள். கோர்ட் ஹாலில் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் சரியான எண் தெரியும். அன்று நான் பின் பெஞ்சில் இருந்து குறித்த ஒற்றை வரிதான் இன்டெக்ஸில் தனிப் பத்தியாக ஏறியது: பட்டியல் எண், அதன் பக்கத்தில் சான்றாவண எண், ஆட்சேபணை இருந்ததா என்ற குறிப்பு.

இரண்டாவது முறை தேதி வரிசை. எப்போது தாக்கல் ஆனது என்று பாராமல், எப்போது நடந்தது என்று பார்த்து அடுக்குவது. உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது, நடுவில் எங்கே அறுந்தது என்பதை இது ஒரே தாளில் காட்டிவிடும். வாதுரைக்குத் தயாராகும்போது இதற்கு ஈடில்லை.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் கஷ்டம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் வழியில் வந்தவர்கள். பழைய மூலப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும், பலவும் மலையாளத்தில். எங்கள் கட்டில் இரண்டு பத்திரங்கள்: 1130 மேடத்தில் ஒரு கிரயம், 1130 சிங்ஙத்தில் ஒரு பாகப்பிரிவினை. மேடம் நம் சித்திரை, சிங்ஙம் ஆவணி. சித்திரைதான் ஆண்டின் முதல் மாதம் என்ற பழக்கத்தில் கிரயத்தை முதலில் எழுதிவிட்டேன். அப்படிப் பார்த்தால் விற்றவர் தன் பங்கு கிடைக்கும் முன்பே விற்றிருக்கிறார்! உரிமையில் பெரிய ஓட்டை என்று தனியாகக் குறிப்பும் எழுதினேன்.

ஆபீஸ் குமாஸ்தா அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்ளே, கொல்லம் வருஷம் எந்த மாசம் பிறக்கும்?"

சிங்ஙத்தில் பிறக்கும். ஆகவே சிங்ஙம் 1130 என்பது 1954 ஆகஸ்ட்-செப்டம்பர், மேடம் 1130 என்பது 1955 ஏப்ரல்-மே. முதலில் பாகம், எட்டு மாதம் கழித்துக் கிரயம். ஓட்டையே இல்லை. கணக்கு எளிதுதான்: சிங்ஙம் முதல் டிசம்பர் கடைசி வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடியும் வரை 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் பாகப்பிரிவினை 1955 ஆகஸ்டுக்குப் போய், அதே பொய் ஓட்டை மறுபடி வந்துவிடும். அதனால் தேதித் தாளில் ஆங்கிலத் தேதியை மட்டும் எழுதாதீர்கள். பத்திரத்தில் உள்ள கொல்லம் தேதி அப்படியே ஒரு பத்தியில் இருக்கட்டும், மாற்றியது அடுத்த பத்தியில். சரிபார்க்க வருபவருக்கு அதுதான் வழி. பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்கும் இதே ஏற்பாடுதான். இல்லையென்றால் ஒரே நிலம் இரண்டாகத் தெரியும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் தாக்கல் வரிசையைத்தான் எடுப்பேன், சான்றாவணப் பத்தியோடு. தேதித் தாள் தவறினால் வழக்கின் கதையே தவறிவிடும். அவசரத்தில் அதைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பது நல்லது. சாட்சி விசாரணை முடிந்து வாதுரைக்கு வாய்தா விழுந்த பிறகு, நிதானமாக அதில் இறங்கலாம். அதுவரை சான்றாவண எண்களை நான் பென்சிலில்தான் எழுதுகிறேன். ஜெராக்ஸ் என்று நின்றுபோன அந்தப் பட்டாவுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனு போட்டிருக்கிறோம். அது வந்தால் புதிய எண் ஒன்று விழும்.