வார வரிசையா, கேள்வி வரிசையா?

தரவுத்தளப் பாடத்தின் ஸ்லைடுகளில் சிதறிக் கிடக்கும் மேற்கோள்களை ஒரே வாசிப்புப் பட்டியலாக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வார வரிசை. ஸ்லைடில் வந்தபடியே அடுக்கிவிடலாம், ஒரு மாலை போதும். ஆனால் எட்கர் காட் 1970-இல் எழுதிய ரிலேஷனல் மாடல் கட்டுரை முதல் வாரத்திலும் வரும், அட்டவணைகளைப் பிரிக்கும் நார்மலைசேஷன் வாரத்திலும் வரும். இரண்டு இடத்திலும் வெறும் தலைப்பு மட்டும் இருந்தால், 'இதைத்தான் படித்துவிட்டோமே' என்று மாணவர் தாண்டிவிடுவார்.

இரண்டாவது கேள்வி வரிசை. "பழைய அமைப்புகளில் என்ன சிக்கல்?" என்பதன் கீழ் அக்கட்டுரையின் 1.2 பகுதி, "அட்டவணையை ஏன் பிரிக்கிறோம்?" என்பதன் கீழ் 1.4 பகுதி. ஒரே கட்டுரைக்கு இரண்டு வேலை. தரவுத்தளம் முடங்கினால் மீட்பதற்கான ஏரீஸ் முறை பற்றி 1992-இல் வந்த கட்டுரை கிட்டத்தட்ட 70 பக்கம். "முன்னுரை மட்டும் போதும்" என்று ஒரு வரி இல்லாவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். சிரமம் என்னவென்றால், தொகுப்பவர் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் சேகரிப்பு ஒன்றுதான். `.pptx` உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரித்தால் இணைப்புகள் `ppt/slides/_rels`-இல் இருக்கும். பேச்சுக்குறிப்பிலும் படத்துக்குள்ளும் உள்ளவை அதில் சிக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பது கேள்வி வரிசையைத்தான். பரீட்சை நெருங்கிவிட்டால் மட்டும், சரி, வார வரிசையே போதும்.