முதல் சூட்டுக்கு முன்னா, பின்னா? பெட்டை நாயின் கருத்தடை

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் இருப்பது போயர்போல் என்ற பெரிய நாயினத்தின் கலப்புப் பெட்டை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பது ஏழு கிலோ சின்ன நாய். இரண்டும் ஒரே வயதுதான். அக்கா ஆறாவது மாதத்திலேயே கருத்தடை செய்துவிட்டார். நாங்கள் பதினான்காவது மாதம் வரை காத்திருந்தோம். இரண்டுமே சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன்.

பெட்டை நாய்க்கு இரத்தம் கசிந்து, அது இணைசேரத் தயாராகும் பருவத்தைத்தான் சூடு என்கிறோம். முதல் சூட்டுக்கு முன்பே செய்தால் கிடைக்கும் பெரிய லாபம் மார்புக் கட்டியிலிருந்து பாதுகாப்பு. 1969-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின் கணக்கை இன்றும் எல்லோரும் சொல்வார்கள்: 0.5, 8, 26 சதவீதம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு நாயில் எட்டு நாய்க்குக் கட்டி வரும் என்று அர்த்தமில்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் சூட்டுக்கு முன் செய்த நாய்க்கு 0.5, ஒரு சூட்டுக்குப் பின் 8, இரண்டுக்குப் பின் 26. ஒரு சூடு காத்திருந்தாலும் பெரும்பங்கு பாதுகாப்பு மிஞ்சுகிறது. இந்த ஆதாரமே அவ்வளவு வலுவானதில்லை என்று 2012-ல் வந்த மறுபரிசீலனை ஒன்று சொன்னது.

காத்திருப்பதன் லாபம் பெரிய நாய்க்குத்தான் அதிகம். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு ஹார்மோன் வேண்டும். சீக்கிரமே சூலகத்தை எடுத்துவிட்டால் தட்டுகள் தாமதமாக மூடி, கால் எலும்பு கொஞ்சம் நீண்டுவிடும். பல பெரிய இனங்களில் மூட்டுக் கோளாறுக்கும் இதற்கும் தொடர்பு தெரிகிறது. தூங்கும்போது சிறுநீர் கசிவதும் கருத்தடை செய்த பெரிய பெட்டைகளிடம்தான் அதிகம். ஏழு கிலோ நாய்க்கு இந்தக் கவலைகள் குறைவு. அதனால்தான் அக்காவுக்கு ஆறு மாதமே போதுமாக இருந்தது.

ஆனால் காத்திருப்பவருக்கு நல்ல மதில் வேண்டும். எங்கள் நாய் மார்ச்சில் சூட்டுக்கு வந்தது. மூன்று வாரம் கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் படுத்துக் கிடந்தன. இரத்தம் குறைந்ததும் முடிந்துவிட்டது என்று அவிழ்த்துவிடுவார்கள், ஆனால் சினைபிடிக்கும் நாட்களே அவைதான். உங்கள் வேலி அதைத் தாங்காது என்றால், பெரிய நாயாக இருந்தாலும் முன்பே செய்துவிடுங்கள். கடைசிவரை செய்யாமல் விடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன், கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வயதான பெட்டையைச் சில நாளிலேயே கொண்டுபோய்விடலாம்.

சூடு முடிந்த கையோடும் செய்யக்கூடாது. அப்போது கருப்பையின் இரத்தக் குழாய்கள் தடித்திருக்கும், அறுவையில் இரத்தம் கூடுதலாகப் போகும். இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். எங்களுக்கு ஜூன் வந்தது. அது நல்ல காலம், டர்பனில் குளிர்காலத்தில் உண்ணி குறைவு. உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், மருத்துவர் முதலில் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்தார். உங்கள் மருத்துவர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். தீபாவளிக்கும், இங்கே வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5-க்கும் ஒட்டிய தேதியைத் தவிர்த்துவிடுங்கள். வெடிச்சத்தத்தில் தையலோடு சுவர் ஏறிக் குதிக்கும்.

அப்புறம் கவனிப்பு. முதல் இரவு ஈறுகளைப் பார்ப்பதுதான் முக்கியம். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து, வயிறு உப்பினால் உள்ளே இரத்தம் கசிகிறது. விடியும் வரை காத்திருக்கக்கூடாது.

நான்காம் நாள் எங்கள் நாய் படிக்கட்டில் தாவி ஓடியது. மாலையில் தையலின் கீழ்முனையில் எலுமிச்சை அளவு வீக்கம். பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொட்டால் மெத்தென்று இருந்தது, சூடும் வலியும் சீழும் இல்லை. அசைவினால் தோலுக்கடியில் சேர்ந்த நீர்தான், நாயைக் கட்டி வைத்து அடக்கினால் வற்றிவிடும் என்றார் மருத்துவர். பத்து நாளில் வற்றியது. அதே வீக்கம் சிவந்து, சுட்டு, நாற்றமடித்தால் அது வேறு கதை, அன்றே காட்ட வேண்டும்.

தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் ஐந்து நிமிட நக்கல் போதும் தையல் விட. குளிப்பாட்ட வேண்டாம். காயத்தில் மஞ்சள் பூச வேண்டாம், பூசினால் நாய் நக்கும், அடியில் தோல் சிவந்திருப்பதும் தெரியாது. வலிக்கு மருத்துவர் தந்ததைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது, வீட்டிலிருக்கும் இபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அக்காவின் நாய்க்கு வந்த சிக்கல் ஒன்றே ஒன்று: மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியது. கருத்தடைக்குப் பின் தேவை குறைகிறது, பசி கூடுகிறது. சோற்றுக் கிண்ணத்தில் கால்பங்கைக் குறைத்த பிறகுதான் எடை நின்றது.